சாம்பிள் ரூமில் அண்ணி

என் அண்ணன் ஸ்க்ரூவால் காது குடைவான். தகரத்தைத் தானே துளைத்துக்கொண்டு இறங்குகிற ஸ்க்ரூ இருக்கிறதே, அதன் முனையை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, சொர்க்கத்தில் இருப்பவன் போலக் குடைவான். முடிந்ததும் பேண்டில் ஒரு தேய்ப்பு. பிறகு அதே ஸ்க்ரூ டப்பாவுக்குள் போய்விடும். மறுநாள் யார் வீட்டுக் கூரையிலோ இறங்கும். சொந்த அண்ணனைப் பற்றி இப்படிச் சொல்லக் கூடாதுதான். பட்டறையில் எதிர் மேசையில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்தவள் நான். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மொட்டை மாடிகளில் கூடுதலாக ஒரு அறை போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். செங்கல் வேண்டாம், மணல் வேண்டாம். துரு பிடிக்காத கால்வனைஸ் சதுரக் குழாய்களில் சட்டம் கட்டி, அதில் சாண்ட்விச் பேனல் மாட்டினால் ரூம் தயார். இரண்டு மெல்லிய இரும்புத் தகடு, நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் நுரை, அதுதான் பேனல். கனமில்லாததால் பழைய கட்டடத்துக்கும் பாரமாகாது. அண்ணன் வெல்டிங் பட்டறையில் கூலிக்குப் போய், ஜன்னல் கம்பி செய்து, அப்புறம் ஷெட் போட்டு, கடைசியில் இதற்கு வந்து சேர்ந்தான். போன் எடுப்பதும், அளவு எழுதுவதும், பேனலுக்கு ஆர்டர் சொல்வதும் என் வேலை. என் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர். நானும் இரண்டு பிள்ளைகளும் அம்மா வீட்டில், அதாவது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம்.

வேலையில் அண்ணன் கெட்டிக்காரன். அதை மறுத்தால் என் வாய் அழுகிவிடும். அவனுக்கு ஒரே ஒரு வியாதி. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவனுக்கு அது சாம்பிள். யார் வீட்டுக்காவது துக்கம் விசாரிக்கப் போனால்கூட, அழுதுகொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலே கூரையைப் பார்ப்பான். "இது வெறும் தகரம். அதான் இப்படி வேகுது. நம்ம பேனல் போட்டா ஜம்முனு இருக்கும்" என்பான். அவன் கல்யாணத்தன்றைக்கே, மாலையும் கழுத்துமாக, மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் இரும்புச் சட்டத்தைக் காட்டி யாரோ ஒருவரிடம் ஆர்டர் பிடித்தான். அண்ணி இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பையன் பிழைத்துக்கொள்வான் என்று ஒரு பெரியப்பா மெச்சிக்கொண்டார்.

அண்ணி நர்ஸ். தனியார் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு, எப்போதும் நைட் டியூட்டி. ஊரே வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் இவள் வீடு வந்து சேருவாள். குளித்துவிட்டுப் படுக்க வேண்டும். எங்கே படுப்பாள்? கீழே இரண்டே அறை. ஒன்றில் அம்மாவும் டிவியும். அம்மாவுக்குக் காது மந்தம், டிவிக்கு அந்தக் குறை கிடையாது. இன்னொன்றில் என் பிள்ளைகள். விடுமுறை நாளில் அது ரூம் இல்லை, சந்தை. அண்ணி சாமான் அறையில் பாயைப் போட்டு, துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். குக்கர் ஒரு விசில் அடித்தால் அவள் உடம்பு தூக்கிப் போடும். ஆஸ்பத்திரியில் ஏதோ மெஷின் கத்துகிறது என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவாளாம். அதைச் சொல்லும்போது சிரிப்பாள். கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருக்கும்.

ஒரு நாள் அவள் சிரிக்கவில்லை. டியூட்டியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்திருக்கிறாள். மேட்ரன் பார்த்துவிட்டாராம். "இன்னொரு தடவை பாத்தேன்னா கழுத்துல இருக்கற கார்டைக் கழட்டி என் டேபிள்ல வச்சிட்டுப் போயிடு" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் ரூம் போடறீங்க. நம்ம மாடியில எனக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. கதவைச் சாத்தினா சாத்தினதா இருக்கணும். வேற எதுவும் வேண்டாம். நான் தூங்கணும்."

அண்ணன் வாயில் இருந்ததை விழுங்காமலே, "போட்டுட்டாப் போச்சு!" என்றான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாகூட டிவியைக் கொஞ்சம் குறைத்தார்.

வேலை நடந்ததை நானே மாடியில் நின்று பார்த்தேன். குறை சொல்ல முடியாது. கீழே தூணும் உத்தரமும் எங்கே வருகிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலேதான் அடித்தட்டுகளை வைத்து போல்ட் இறக்கினான். நடுத்தளத்தில் கண்ட இடத்தில் துளை போடவில்லை. சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு கான்கிரீட் கட்டு. ஆனால் மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் குழாய்க்கு ஓடுகிற வழியை மறிக்காமல் ஒதுங்கியே கட்டினான். வெல்டிங் முழுவதும் முடிந்து, பற்றவைத்த இடத்துக்கெல்லாம் துரு தடுக்கும் பெயிண்ட் அடித்த பிறகுதான் பேனலையே மாடிக்கு ஏற்றினான், பொறி பட்டால் நுரையில் தீப்பிடித்துக்கொள்ளும் என்று. கூரைக்குச் சரிவு கொடுத்து, தண்ணீர் ஓடாத மேட்டு வரிகளில் மட்டும் ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ இறக்கினான். அந்த ஸ்க்ரூக்கள் எந்த டப்பாவிலிருந்து வந்தவை என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

பிறகு சுவர் மாட்டினான். மேற்கே பஃப் பேனல், நுரையிலேயே உசத்தியானது. வடக்கே ராக்வுல் பேனல், உள்ளே தீப்பிடிக்காத பஞ்சு. தெற்கே மலிவான தெர்மாகோல் பேனல். கிழக்கே ஒன்றும் இல்லாத வெறும் ஒற்றைத் தகரம்.

"ஏண்ணே, நாலு பக்கமும் நாலு தினுசா இருக்கு? மீதி துண்டா?" என்று கேட்டேன்.

"மீதியா? போடி! எல்லாம் புதுசு. கஸ்டமர் வந்தா பேப்பர்ல படம் காட்டறதெல்லாம் பழசு. இனிமே நேரா மாடிக்குக் கூட்டிட்டு வந்து தொட்டுப் பாக்கச் சொல்லப் போறேன்."

"கிழக்கே வெறும் தகரம் எதுக்கு?"

"வித்தியாசம் தெரிய வேண்டாமா? கஸ்டமர் எல்லாம் காலையிலதான் வருவாங்க. காலை வெயில் கிழக்கே சுள்ளுனு விழும். அங்க கை வச்சா 'ஆ'ன்னு எடுப்பாங்க. உடனே மத்த சுவத்துல வைக்கச் சொல்லணும். ஜில்லுனு இருக்கும். அப்புறம் நான் பேசவே வேண்டாம், சுவரே பேசிடும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான், பாராட்டுக்காக. நான், "அண்ணி தூங்கறதே காலையிலதானேண்ணே" என்றேன். அவனுக்கு அது ஏறவே இல்லை. "அவ பாட்டுக்குத் தூங்கட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றான். அதோடு விட்டானா? தெர்மாகோல் சுவரில், கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில், ஒரு சாண் சதுரத்துக்கு உள்தகட்டை வெட்டி எடுத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கஸ்டமர் பார்ப்பதற்காம். வெட்டிய வாய்க்கு ஒரு மூடி போடு என்றேன். மூடினால் எப்படித் தெரியும் என்றான். தலையில் அடித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

வேலை முடிந்ததும் அண்ணி மாடிக்கு வந்தாள். சுற்றிப் பார்த்தாள், கதவைச் சாத்திப் பார்த்தாள், "தாழ்ப்பாள் எங்க?" என்று மட்டும் கேட்டாள். தாழ்ப்பாள் பின்னால் வரும் என்றான் அண்ணன். வெளியிலிருந்து பூட்டுகிற பூட்டுதான் இருந்தது. அதன் சாவி அவன் இடுப்பில்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். காலை வெயிலில் கிழக்குத் தகரம் அடுப்பாகிவிடும். அண்ணி கட்டிலை மேற்குச் சுவரோடு ஒட்டிப் போட்டு, போர்வையை நனைத்துத் தகரத்தின்மேல் தொங்கவிட்டுப் படுப்பாள். அண்ணன் வந்து போர்வையை எடுத்துவிடுவான், தகரம் தெரியவில்லையாம். கண் அசரும் நேரத்துக்குக் கதவு திறக்கும். "வாங்க சார், வாங்க மேடம், நம்ம வீட்டம்மாதான், கூச்சப்படாதீங்க!" அண்ணி வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் நிற்பாள், வந்தவர்கள் போகிறவரைக்கும்.

வந்தவர்கள் லேசுப்பட்டவர்களா? ஒருத்தர் செருப்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு ஃபேன் போடச் சொன்னார். ஒரு அம்மாள் அண்ணியின் துண்டில் முகம் துடைத்தாள். யாரோ ஒரு ஆள் சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, மூக்கை நோண்டிய விரலை வெள்ளைப் பேனலில் தடவிவிட்டுப் போனான். சீ! அதை ஈரத்துணியால் துடைத்தவள் நான். சுவர் முழுக்க ஊர்க்காரர்களின் கை எண்ணெய் படிந்து, மனுஷ உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. அதுவும் அண்ணனுக்குப் பெருமைதான். "பாத்தியா, எத்தனை பேர் தொட்டிருக்காங்க!"

"அண்ணே, வேற எடத்துல சாம்பிள் வையேன். பட்டறையிலதான் இவ்ளோ எடம் கெடக்குதே" என்றேன்.

"பட்டறையில வச்சா அது சாம்பிள். இங்க மனுஷங்க குடியிருக்காங்க. நம்பிக்கை வரும்ல?"

இவனிடம் என்ன பேசுவது? அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பளை சம்பாதிக்கத்தானே செய்றான்" என்று அம்மா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்து எலி வந்தது. தெர்மாகோல் பேனலை எங்கேயும் வாய் திறந்து விடக் கூடாது, எலிக்கு அது மெத்தை. வெட்டிய சதுரத்தின் வழியாக உள்ளே போய், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் நுரையைக் குடைந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தது. அண்ணியின் தலைமாட்டில் கரக் கரக் என்று சத்தம். காலையில் வந்து படுத்தால் தலையணை மேல் வெள்ளை நுரைப் பொடி உதிர்ந்து கிடக்கும், இடையிடையே கறுப்பாகப் புழுக்கை. அண்ணன் மருந்து வைத்தான். எலி அதைத் தின்றுவிட்டு வெளியே வந்து செத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். சுவருக்குள்ளேயே போய்ச் செத்தது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? வெயில் ஏற ஏறப் பேனலுக்குள் அது வேகும். மாடிப் படி ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அழுகல் தண்ணீர் சுவரின் அடிப்பட்டியில் இறங்கி, மூலையில் பிசுபிசு என்று கசிந்தது. ஈ மொய்த்தது. அண்ணி மூக்கில் தைலத்தைத் தடவிக்கொண்டு அதே ரூமில் படுத்தாள், கீழே பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு விட்டிருந்ததால். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பார்த்தவள், அவளே வாந்தி எடுத்தாள். அந்த ஒரு பேனலைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மூலைப் பட்டியின் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, இழுத்து, எலியை எறிந்துவிட்டு, வேறு பேனல் மாட்டி வாயை மூடினால் முடிந்தது. அவனுக்கு அது ஒரு டீ குடிக்கிற வேலை. கஸ்டமர் வருகிற நேரத்தில் எதற்குக் கழற்ற வேண்டும் என்று, சென்ட் வாங்கிவந்து அடித்தான். செத்த எலி மேலே மல்லிகைப்பூ வாசனை! அந்தக் கண்றாவியை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசியில் நானே பட்டறைப் பையன்களைக் கூட்டிவந்து பேனலைக் கழற்றிச் சுத்தம் செய்ய வைத்தேன். புதுப் பேனல் மாட்டிய அன்று சாயங்காலமே அண்ணன் அதிலும் ஒரு சதுரம் வெட்டிவிட்டான்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டவள் அண்ணி. நானாக இருந்தால் அவன் மண்டையில் சதுரம் வெட்டியிருப்பேன். ஆனால் கடைசியாக அவன் செய்ததைப் பொறுக்க மனுஷ ஜென்மத்தால் முடியாது.

புருஷனும் பெஞ்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். பெரிய ஆர்டர், மாடி முழுக்க வேண்டும் என்றார்கள். நானும் டேப்பை எடுத்துக்கொண்டு கூடவே ஏறினேன். அண்ணி அப்போதுதான் படுத்திருந்தாள், நைட்டியோடு, சுவரைப் பார்த்து. அந்தப் பெண், "ஐயோ, தூங்கறாங்க போல, அப்புறம் வரோம்" என்று கதவருகிலேயே நின்றாள். நல்ல குடும்பத்துப் பெண்.

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! "அட, அதுதான் மேடம் வேணும்! சத்தம் உள்ள வருமான்னு கேட்டீங்கல்ல? இப்பப் பாருங்க" என்றான். வெளியே போய், கையில் இருந்த ஸ்பேனரால் சுவரில் ஓங்கி அடித்தான். டங்! இன்னொன்று. டங்! அண்ணி அசையவில்லை. உள்ளே வந்து அவளைச் சுட்டிக்காட்டி, "பாத்தீங்களா? எழுந்திரிக்கலை பாருங்க. அதான் சார் பேனலு!" என்றான். அந்த ஆள் நம்பமுடியாமல் கட்டில் பக்கம் வந்து, குனிந்து, அண்ணியின் முகத்தையே பார்த்தார். "ஆமாங்க, நல்லா அசந்து தூங்கறாங்க" என்றார். அந்த இடத்திலேயே வாய்மொழியாக ஆர்டரை உறுதி செய்தார்.

நுரைப் பேனல் வெயிலைத் தடுக்கும், சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. இது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் வெறும் தகரம் இருக்கிற ரூமில் கேட்கவே வேண்டாம். நான் அண்ணியின் கையைப் பார்த்தேன். தலையணை ஓரத்தில் விரல்கள் துணியை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அந்த ஆள் முன்னால் வாயைத் திறந்தால் அவள் விழித்திருந்தது தெரிந்துவிடும், அவளுக்குத்தான் அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர்கள் இறங்கிப் போனதும் அண்ணி கண்ணைத் திறந்தாள். "கண்ணைத் தொறந்தா நைட்டியோட அந்தாளு முன்னாடி எழுந்திரிக்கணும். அதான் பொணம் மாதிரி கெடந்தேன். அவர் மூச்சு என் கன்னத்துல பட்டுச்சு" என்றாள். அழவில்லை. எழுந்து போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அன்று பகல் முழுவதும் படுக்கவே இல்லை.

அப்படியே டியூட்டிக்குப் போனாள். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். கழுத்தில் கார்டு இல்லை. ஒரு நோயாளிக்கு டிரிப் முடிந்து பாட்டில் காலியாகியிருக்கிறது, மெஷின் கத்தியிருக்கிறது, இவள் நாற்காலியில் தூங்கிப் போயிருக்கிறாள். கூட இருந்த பெண்தான் வந்து உலுக்கி எழுப்பியிருக்கிறாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். முழுவதையும் கேட்டான். நுரையைத் துப்பினான்.

"சரி விடு, போனாப் போகுது. இனிமே காலையில ஃப்ரெஷ்ஷா இருப்பல்ல? கஸ்டமர் வந்தா நீயே ஏத்திக் காட்டிடு. பொம்பளைங்க பொம்பளை சொன்னா நம்புவாங்க."

த்தூ! வாய் கூசவில்லை அவனுக்கு. அம்மாகூட டிவியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். அண்ணி சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பட்டறைக்குப் போனேன். போன் அடித்தது. அந்தப் பெண்தான், நேற்று வந்தவள். முன்பணம் கொண்டுவருவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளலாம் என்று போட்டாளாம். "எங்க மாமனாருக்கு சின்ன சத்தம் கேட்டாலும் தூக்கம் வராதுங்க. உங்க வீட்டம்மா எப்படித் தூங்கினாங்க! அந்த மாதிரியேதானே வரும்?"

எதிர் மேசையில் அண்ணன் காது குடைந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "வராதுங்க. அவங்க தூங்கலை. உங்க வீட்டுக்காரர் குனிஞ்சு பாத்தாரே, அப்ப முழிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. நைட்டியோட இருந்ததால கண்ணைத் தொறக்கலை. நுரைப் பேனலுக்குச் சத்தம் நிக்காதுங்க. என்னைக் கேட்டீங்கன்னா நாலு பக்கமும் ராக்வுல் போடச் சொல்லுங்க, அதுலயும் பாதிதான் குறையும்." அந்தப் பெண், "அடப்பாவமே, அவங்ககிட்ட நாங்க மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க. எங்களுக்கு உங்க வேலை வேண்டாம்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் ஸ்க்ரூவைக் கீழே போட்டுவிட்டு என்மேல் பாய்ந்தான். கத்தினான், மேசையைக் குத்தினான். பிறகு பேனல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான். நிஜமான அழுகை, மூக்கு ஒழுக. "மாடி முழுக்கப் போட வேண்டிய ஆர்டருடி... இந்த மாதிரி வருமாடி இனிமே..." பையன்கள் ட்ரில்லை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் அப்பா செத்தபோதுகூட அவன் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணி பட்டறைக்கு வந்தாள், தோளில் ஒரு பையோடு. அவளோடு வேலை பார்த்த தோழியின் வீட்டில் படுக்க ஒரு மூலை கிடைத்திருக்கிறதாம், போகிற வழியில் எனக்குச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். அவன் அழுவதைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. தனக்காகத்தான் அழுகிறான் என்று நினைத்துவிட்டாள் பாவி. பையை இறக்கி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய், "பரவால்லைங்க, விடுங்க, வேற வேலை தேடிக்கலாம்" என்று தோளைத் தொட்டாள்.

அவன் நிமிர்ந்தான். "வேலை கெடக்குது, ஆர்டர் போயிடுச்சு! நீ மட்டும் நேரா போய் 'நான் தூங்கத்தான் செஞ்சேன்'னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. இப்பவே போனா பிடிச்சிடலாம்" என்றான்.

அண்ணி தோளிலிருந்து கையை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டாள்.